தேர்தல் நேரத்து அடிபிடியும் கண்காணிப்பும்: மட்டக்களப்பில் நீங்க கண்டது என்ன?

வாழைச்சேனை: போன பொதுத்தேர்தலுக்கு எங்கட சந்தியில ஒரே கட்சிக்காரர் ரெண்டு பேருக்கு ரெண்டு காரியாலயம். ஒரு இரவில ஒன்றில இருந்த கதிரை, பதாகை எல்லாத்தையும் அடிச்சு நொறுக்கிப்போட்டாங்க. செய்தது எதிர்க்கட்சியில்ல, பக்கத்துக் காரியாலயத்துப் பொடியன்கள். ஒரே கட்சிக்குள்ள ஏன் இந்தக் கோபம்?

ஏறாவூர்: எல்லாத்துக்கும் காசும் சாராயமும்தான் காரணம். வேட்பாளருக்குத் தெரியாமலே பொடியன்கள் செய்யிறது.

களுவாஞ்சிக்குடி: தம்பி, சாராயம் உண்டுதான், ஆனா அது எண்ணெய், நெருப்பு விருப்பு வாக்கு. நான் கண்காணிப்பாளரா இருந்திருக்கன். நம்ம மாவட்டத்துக்கு 5 ஆசனம், ஒரு பட்டியலில 8 பேர். கூட வாக்கெடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம், மிச்சம் 4 விகிதப்படி பிரியும். உங்கட கட்சிக்கு 2 கிடைக்கும் எண்டு வைங்க. அந்த ரெண்டு பேர் ஆர் எண்டதை விருப்பு வாக்குதான் தீர்மானிக்கும். வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி போட்டிட்டு, மூன்று பேர் வரைக்கும் விருப்பு போடலாம். வேற கட்சி ஆதரவாளரை மாத்திறது பெரிய பாடு. அதே கட்சி வீட்டில அடுத்தவனுக்குப் போற விருப்பைத் தன்பக்கம் திருப்பிறது லேசு. அதனாலதான் ரெண்டு பேரின்ட ஆதரவும் ஒரே ஊரில இருந்தா அங்க சண்டை வெடிக்கும். 1989 பொதுத்தேர்தலில இருந்து இதுதான் கதை.

கல்லடி: எனக்கு வாக்காளர் அட்டையே வரல்ல, இடாப்பில பேருமில்ல. கண்காணிப்பாளர் ஒருத்தர் நின்றார், ஒண்டும் செய்யல்ல!

களுவாஞ்சிக்குடி: அக்கா, கவலையாத்தான் இருக்கு. ஆனா வாக்களிப்பு நாளில அவரால பேரைச் சேர்க்க ஏலாது. அதிகாரிக்கு உத்தரவிடவும் ஏலாது, பார்த்து எழுதி அனுப்பிறதுதான் வேலை. இடாப்பை முன்னமே மக்கள் பார்வைக்கு வைப்பாங்க, ஆட்சேபணையை அப்பவே குடுக்கணும்.

வாழைச்சேனை: அப்ப உள்ள நின்று என்னத்தைப் பார்ப்பீங்க?

களுவாஞ்சிக்குடி: விடிய 7 மணிக்கு முன்ன போய் நிற்பம். வெறும் பெட்டியை முகவர்களுக்குக் காட்டி, மூடி சீல் வைக்கிறதைப் பார்ப்பம். அதுக்குப் பிறகு நான் முதல்ல தேடுறது முகவர்களை. ஒரு ஊரில பலமான கட்சிக்கு அங்க ஒரு முகவரும் இல்லாட்டி, ஆரோ வெருட்டிக் கலைச்சிருப்பாங்க எண்டு சந்தேகப்படணும். பிறகு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எத்தனை பேர் போட்டாங்க எண்டு கேட்டுக் குறிப்பம். வெளியில வரிசை இல்லாம பின்னேரம் எண்ணிக்கை மட்டும் குதிச்சா, அதுதான் கள்ளவாக்கின்ட வாசனை. முடியேக்க விநியோகிச்ச, பழுதான, மிச்ச வாக்குச்சீட்டுக் கணக்கு பொருந்துதா எண்டு பார்ப்பம். அடிபிடி எண்டு கேள்விப்பட்டா ரெண்டு பக்கத்தையும், பொலிஸ் முறைப்பாட்டையும் விசாரிக்காம அறிக்கையில போடமாட்டம்.

அக்கரைப்பற்று: முந்தின இரவு வீட்டுக்கு வந்து "நாளைக்கு வெளிக்கிடாத" எண்டு சொல்லிட்டுப் போனா? எங்கட பக்கம் அப்படி நடந்தது. பெட்டி, சீல், கணக்கு எல்லாம் சரியா இருந்தது.

களுவாஞ்சிக்குடி: அந்த நிலையத்தில மட்டும் வாக்களிப்பு வீதம் பக்கத்து நிலையங்களை விடக் குறைஞ்சிருந்தா ஒரு தடயம். ஆனா வாய் திறக்காத வீட்டை நாங்க எப்படி எழுதுறது எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல.

ஏறாவூர்: அந்த நிலையத்து வீதம் ஆரிட்டயாவது இருக்கா?