ரொறன்ரோவில் ஒரு நாள் முந்திய பிறந்த திகதி: எனது முதல் ரிக்கெற்

திருநெல்வேலியிலிருந்து:

வேலையில் சேர்ந்த இரண்டாம் கிழமை எனக்கு முதல் ரிக்கெற் தரப்பட்டது. கனடாவிலுள்ள பாடசாலை ஒன்றின் மாணவர் பதிவுச் செயலியில் "பிறந்த திகதி ஒரு நாள் முந்திக் காட்டுகிறது" என்ற ஒற்றை வரியும் ஒரு ஸ்கிரீன்ஷொட்டுமே அதில் இருந்தன. உடனே அதை `In Progress` ஆக்கிவிட்டு, அதே மாணவரின் பக்கத்தைத் திறந்தேன். 2009-02-10 என்று பதிந்திருந்த திகதி என் திரையில் சரியாக 10 என்றே தெரிந்தது. மாலைவரை முயன்றும் பிழை வராததால், "எனக்கு வரவில்லை" என்று எழுதி ரிக்கெற்றை மூடப் போனேன்.

பக்கத்து மேசை அக்கா ஸ்கிரீன்ஷொட்டின் மூலையைக் காட்டினார். அதிலிருந்த கடிகாரத்தில் இரவு 8.40, அப்போது நமக்கு அடுத்த நாள் காலை 7.10. "உங்கள் கணினியை அவர்களுடைய நேரத்தில் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். திகதியைக் காட்டும் பகுதிக்கு ஒரு சோதனை எழுதி, இப்படி ஓட்டச் சொன்னார்:

```
TZ=America/Toronto npm test
```

10 வரவேண்டிய இடத்தில் 9 வந்தது. `new Date("2009-02-10")` என்று எழுதினால், நேரம் குறிப்பிடாத அந்தத் திகதியை ஜாவாஸ்கிரிப்ட் UTC நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. அது யாழ்ப்பாணத்தில் அதே நாள் காலை 5.30, ரொறன்ரோவில் முந்தைய நாள் இரவு 7 மணி. திகதியை `Date` ஊடாக அனுப்பாமல், எழுத்தாகவே பிரித்துக் காட்டும்படி மாற்றினேன். பிழையை வரவழைக்கும் வழியையும் ரிக்கெற்றில் எழுதிய பிறகே `In Review` க்கு நகர்த்தினேன்.

கொக்குவிலிலிருந்து:

எல்லாத் திகதிகளையும் UTC இல் சேமித்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது.

மானிப்பாயிலிருந்து:

பணம் செலுத்திய நேரம், உள்நுழைந்த நேரம் போன்றவற்றுக்கு நீங்கள் சொல்வது சரி, தம்பி. பிறந்த திகதி ஒரு கணம் அல்ல, நாட்காட்டியிலுள்ள ஒரு நாள்; அதை UTC கணமாக்கியதுதான் இங்கே பிழை. தரவுத்தளத்தில் `DATE` ஆகவே வைத்திருங்கள். இதன் மறுபக்கமும் உண்டு: உள்ளூர் நள்ளிரவை `toISOString()` கொண்டு எழுத்தாக்கினால், யாழ்ப்பாணத்திலேயே திகதி ஒரு நாள் முந்திவிடும்.

சுன்னாகத்திலிருந்து:

விண்டோஸின் கட்டளைத் திரையில் அந்த வரி அப்படியே ஓடாது. நான் கணினியின் நேர வலயத்தையே மாற்றித்தான் பார்த்தேன். எனது முதல் ரிக்கெற்றில், திருத்தம் என் கிளையில் மட்டும் இருக்கும்போதே `Done` ஆக்கிவிட்டேன். வாடிக்கையாளர் அதை நம்பி மீண்டும் பார்த்து, பிழை அப்படியே இருப்பதாக எழுதினார். உங்களிடம் `Done` க்கு நகர்த்துவது யார்?

திருநெல்வேலியிலிருந்து:

எங்கள் குழுவில் இதற்கு எழுதி வைத்த விதி இல்லை. திருத்தம் சேர்க்கப்பட்டதும் மூடலாம் என்கிறார் அக்கா. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். ரிக்கெற் இன்னும் `In Review` இல்தான் இருக்கிறது.