வயதுப் பட்டியலில் ஒட்டாத 4,000 வெள்ளி: ஐயக்கடன் ஒதுக்கீட்டை எப்படிச் சரிசெய்வது?

வணக்கம். லிட்டில் இந்தியாவில் உணவகங்களுக்கு மளிகைச் சரக்கு அனுப்பும் கடையில் கணக்கு எழுதுகிறேன். டிசம்பர் 31 கணக்கை முடிக்க முடியாமல் தவிக்கிறேன்.

மென்பொருள் தந்த வயதுப் பட்டியல்படி, வர வேண்டிய பாக்கி 30 நாள் வரை 60,000 வெள்ளி, 60 வரை 20,000, 90 வரை 8,000, அதற்கு மேல் 12,000. எங்கள் விகிதங்கள் முறையே 1, 5, 20, 50 சதவீதம். தேவையான ஒதுக்கீடு 9,200. பேரேட்டில் ஏற்கெனவே 3,000 வரவு இருப்பு இருப்பதால், 6,200 மட்டும் செலவாக எழுதினேன்.

பிறகுதான் கவனித்தேன். ஓர் உணவகம் டிசம்பர் 20 அன்று மொத்தமாக 4,000 அனுப்பியிருக்கிறது. எந்த பில்லுக்கு என்று ஒரு வரிகூட இல்லை. மென்பொருள் அதை 30 நாள் கட்டத்தில் கழித்துவிட்டது. அந்த உணவகத்தின் பழைய பில்கள் 90 நாளைத் தாண்டி அப்படியே நிற்கின்றன.

அந்தப் பணத்தைப் பழைய பில்களுக்கு ஒட்டிப் பார்த்தேன். 90 நாளுக்கு மேலான கட்டம் 8,000 ஆகிறது, 30 நாள் கட்டம் 64,000 ஆகிறது. ஒதுக்கீடு 7,240, செலவு 4,240. மொத்தக் கடன் மாறவே இல்லை, லாபம் மட்டும் 1,960 வெள்ளி கூடுகிறது. அதுதான் என்னை உறுத்துகிறது. உணவகத்துக்கு இருமுறை மின்னஞ்சல் அனுப்பினேன், தொலைபேசியில் கேட்டேன். பழைய பில்களில் சில மூட்டைகள் வண்டு பிடித்திருந்தன என்று இப்போது சொல்கிறார்கள். பணம் அனுப்பியபோது அதைச் சொல்லவில்லை.

இந்த 4,000 வெள்ளியைப் பழைய பில்களுக்கு ஒட்டலாமா, அல்லது புதியவற்றில் விட்டுவிட்டு, தகராறான பில்களைப் பட்டியலிலிருந்து பிரித்துத் தனி ஒதுக்கீடு செய்ய வேண்டுமா?