5 லிட்டர் வர வேண்டிய 70% ஸ்பிரிட் 4.88 லிட்டர்தான் வந்தது, மீட்டரோ 75½ காட்டுகிறது. எங்கே தவறு?

வைகைக்கரை:
வணக்கம். கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மேசை துடைக்க 70% ஸ்பிரிட் கலப்பது என் வேலை. இதுவரை சின்ன பாட்டிலில்தான் கலந்திருக்கிறேன். இந்த வாரம் முதல்முறையாக 5 லிட்டர் கலந்தேன். கையில் இருப்பது பெர்மிட்டில் வாங்கிய ரெக்டிஃபைடு ஸ்பிரிட், லேபிளில் 96% v/v என்று இருக்கிறது.

70 × 5000 ÷ 96 = 3646. ஆகவே ஸ்பிரிட் 3646 மி.லி., மீதி 1354 மி.லி. டிஸ்டில்டு வாட்டர். இரண்டையும் அளவு ஜாடியில் அளந்து கேனில் ஊற்றினேன். கேன் வெதுவெதுப்பானது, நிறையக் குமிழி வந்தது. அன்று மாலை அளந்தால் 4 லிட்டர் 910 மி.லி., மறுநாள் காலை 4 லிட்டர் 880. கேனை இறுக மூடித்தான் வைத்திருந்தேன், எங்கும் கசிவு இல்லை.

அப்புறம் ஸ்பிரிட் மீட்டரை மிதக்க விட்டால் 75½ காட்டுகிறது. ஆவியாகிப் போனால் ஸ்பிரிட்தானே முதலில் போக வேண்டும்? அளவு குறைந்து, சதவீதம் மட்டும் எப்படி ஏறும்? ஸ்பிரிட் விற்றவர் லேபிளில் ஏதாவது தவறு செய்திருப்பாரா? அறை வெப்பம் 31 டிகிரி.

நெல்லைச்சீமை:
பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். விற்றவர் மேல் தவறு இருக்காது என்றே நினைக்கிறேன். ஒரு படி கோலிக்குண்டும் ஒரு படி மணலும் கலந்தால் இரண்டு படி வராது, மணல் குண்டுகளின் இடுக்கில் போய்விடும். ஆல்கஹால் மூலக்கூறு பெரியது, தண்ணீர் மூலக்கூறு சிறியது. அதே கதைதான். 100 மி.லி. ஜாடியில் 50 ஸ்பிரிட், 50 தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், 97-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். நீங்கள் பார்த்த குமிழி, இடுக்குகளில் இருந்த காற்று வெளியே வருவது.

மீட்டர் 75½ காட்டுவது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. மீட்டர் பழுதாக இருக்கலாம்.

பழுதுக்கடை:
நானும் செல்போன் போர்டு கழுவ 99% ஐசோபுரோபைல் வாங்கித் தண்ணீர் கலக்கிறேன், எனக்கும் குறைகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், 96% கையில் இருக்கும்போது எதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்? அப்படியே துடைத்தால் கிருமி இன்னும் நன்றாகச் சாகுமே.

ஆலைக்காரர்:
சாராய ஆலை லேபில் 26 வருடம் இருந்தவன். சரியான வலிமைக்குக் கலப்பதுதான் எங்கள் அன்றாட வேலை.

முதலில் பழுதுக்கடை தம்பிக்கு. கிருமியின் புரதத்தை ஆல்கஹால் குலைப்பதற்குத் தண்ணீரும் வேண்டும். அதனால்தான் 60 முதல் 90 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்கிறோம். 96-ஐ அப்படியே துடைத்தால் சட்டென்று உலர்ந்தும் போகும். போர்டு கழுவுவது வேறு வேலை, அங்கே தண்ணீர் குறைவாக இருப்பதுதான் உங்களுக்கு நல்லது.

இப்போது வைகைக்கரை அம்மாவின் கேள்வி. ஒரே கேனில் இரண்டு சங்கதி சேர்ந்து உங்களைக் குழப்புகிறது. மீட்டர் பழுது என்று தூக்கிப் போடாதீர்கள். அது எந்த வெப்பத்துக்குக் கோடு போட்டது என்று தண்டில் பாருங்கள். 20° என்று இருந்தால், கொஞ்சம் திரவத்தை ஒரு ஜாடியில் எடுத்து ஐஸ் தண்ணீருக்குள் நிறுத்தி, தெர்மாமீட்டர் 20 காட்டும்போது மறுபடி மிதக்க விடுங்கள். அதோடு இரண்டு எடை வேண்டும். ஒரு லிட்டர் ஸ்பிரிட் எத்தனை கிராம், கேனில் உள்ள மொத்தக் கலவை எத்தனை கிராம்?

வைகைக்கரை:
மீட்டரில் 20°C என்றுதான் இருக்கிறது, ஐயா. குளிர வைத்துப் பார்த்தேன், 72-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது. ஒரு லிட்டர் ஸ்பிரிட் 31 டிகிரியில் 798 கிராம். கேனின் எடையைக் கழித்தால் கலவை 4 கிலோ 250 கிராம்.

ஆலைக்காரர்:
எல்லாம் பொருந்தி வருகிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

96% ஸ்பிரிட் 20 டிகிரியில் லிட்டருக்கு 807 கிராம் இருக்க வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். 31 டிகிரியில் 798 என்றால் சரியான 96-தான். அந்த வலிமையில் ஒரு சதவீதம் மாறினால் 4 கிராம் மாறும், ஆகவே ஏமாற்றியிருந்தால் தராசிலேயே தெரிந்திருக்கும். விற்றவர் பேரில் குறை இல்லை.

அடுத்து, எங்கும் எதுவும் தொலையவில்லை. 3646 மி.லி. ஸ்பிரிட் 2910 கிராம், 1354 மி.லி. தண்ணீர் 1348 கிராம். இரண்டும் சேர்ந்து 4258. உங்கள் கேனில் 4250 இருக்கிறது. 8 கிராம் ஜாடியில் ஒட்டியதும் ஆவியானதும். 120 மி.லி. ஸ்பிரிட் ஆவியாகியிருந்தால் 95 கிராமுக்கு மேல் குறைந்திருக்கும். குமிழியும் அப்படித்தான், தண்ணீரிலும் ஸ்பிரிட்டிலும் கரைந்திருந்த காற்று அது, எடை ஒன்றுமே இல்லை. அளவு குறைந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

சதவீதம் ஏறியது ஏன்? நீங்கள் ஊற்றிய ஆல்கஹால் 3500 மி.லி. அதை 5000-ஆல் வகுத்தால் 70. ஆனால் மொத்தமே 4880 ஆகச் சுருங்கிவிட்டது. 3500-ஐ 4880-ஆல் வகுங்கள், 71.7 வரும். ஆல்கஹால் கூடவில்லை, அதை வைத்திருக்கும் இடம் குறைந்திருக்கிறது. மீதி ஏறக்குறைய 4 புள்ளி முழுக்க வெயிலின் வேலை. சூட்டில் திரவம் விரிந்து இலேசாகிறது, மீட்டர் இன்னும் ஆழமாக இறங்குகிறது, அதை அதிக ஆல்கஹால் என்று நாம் படிக்கிறோம். மாலையில் 910, காலையில் 880 என்று கண்டதும் அதே சூடுதான். கலக்கும்போது வந்த வெப்பம் இறங்கியதும் திரவம் சுருங்கியது.

நெல்லைச்சீமை சார், 97 என்றது சரி. ஆனால் குண்டும் மணலும் பாதிதான் சரி. அளவு வித்தியாசம் மட்டுமே காரணம் என்றால், எந்தப் பெரியதும் சிறியதும் கலந்தாலும் சுருங்க வேண்டும். எத்தனாலையும் சைக்ளோஹெக்ஸேனையும் கலந்தால் மொத்த அளவு கொஞ்சம் கூடுகிறது! அப்புறம், குண்டும் மணலும் கலந்தால் சூடாகாது, இந்தக் கேன் வெதுவெதுப்பானது.

நெல்லைச்சீமை:
சைக்ளோஹெக்ஸேன் விஷயம் எனக்குப் புதிது, ஐயா. அப்படியானால் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒரு வரியில் முடித்தால் போதுமா?

ஆலைக்காரர்:
நான் புரிந்துகொண்ட விதம் இது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நான்கு கைகளால் பிடித்துக்கொண்டு நிற்பதால் நெருங்கி அடைய முடிவதில்லை, நடுவே நிறைய வெற்றிடம் இருக்கிறது. ஆல்கஹால் வந்ததும் அதன் ஒரு முனை தண்ணீரோடு கைகோத்துக்கொள்கிறது, எண்ணெய்த்தன்மையுள்ள வால் அந்த வெற்றிடத்தில் ஒதுங்குகிறது. சைக்ளோஹெக்ஸேனில் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது, அது ஆல்கஹாலின் சொந்தப் பிடியைத்தான் அவிழ்க்கிறது, அதனால் விரிகிறது. இடம் இருப்பதோடு இழுத்து உட்கார வைக்கும் பிடிப்பும் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுங்கள். 18 மி.லி. தண்ணீரை ஒரு பெரிய பாத்திரம் தண்ணீரில் ஊற்றினால் 18 மி.லி. உயரும். அதையே ஒரு பெரிய பாத்திரம் சுத்த எத்தனாலில் ஊற்றினால் ஏறக்குறைய 14 மி.லி.தான் உயரும். யாரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தண்ணீருக்கு வேண்டிய இடமே மாறுகிறது. மெண்டலீவ் 1865-இல் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வே ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்வதைப் பற்றித்தான். எந்த விகிதத்தில் அதிகம் சுருங்குகிறது என்று எடை போட்டு எடை போட்டுப் பார்த்தார். மூலக்கூறுகள் உள்ளே எப்படிக் கூட்டம் சேர்கின்றன என்பதில் இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

வைகைக்கரை:
இப்போது கேனில் இருப்பதை என்ன செய்வது, ஐயா? குறைந்த 120 மி.லி. தண்ணீரை ஊற்றிவிட்டால் போதுமா? ஊற்றினால் அதுவும் சுருங்குமே?

ஆலைக்காரர்:
நல்ல கேள்வி அம்மா, அதுவும் சுருங்கும். அதனால்தான் ஆலையில் நாங்கள் லிட்டரை நம்பாமல் தராசை நம்பினோம். எடை சுருங்காது, வெயிலுக்கும் மாறாது. 96% v/v ஸ்பிரிட்டை 70% v/v ஆக்க, ஒரு கிலோ ஸ்பிரிட்டுக்கு 504 கிராம் தண்ணீர். உங்கள் 2910 கிராமுக்கு 1467 கிராம். ஏற்கெனவே 1348 போயிருக்கிறது, இன்னும் 119 கிராம் ஊற்றுங்கள். மூடி ஆட்டி, ஆற விட்டு, 20 டிகிரியில் மீட்டர் பாருங்கள். ஸ்பிரிட் 95% ஆக இருந்தால் கிலோவுக்கு 481 கிராம்தான், லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசு இல்லாவிட்டால், ஸ்பிரிட்டை அளந்து ஊற்றி, தண்ணீரைக் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். தண்ணீரைத் தனியாக அளக்கவே கூடாது. ஆனால் ஆறிய பிறகுதான் கடைசிச் சொட்டு. சூட்டில் கோட்டுக்கு நிரப்பினால் காலையில் கீழே இறங்கியிருக்கும்.

பொரணி:
எடை என்றால் சுலபமாயிற்றே, 70 கிராம் ஆல்கஹால், 30 கிராம் தண்ணீர் என்று கலந்துவிடலாமே?

ஆலைக்காரர்:
அது வேறு 70, தம்பி. எடைக்கு எடை 70 என்றால் கன அளவில் 77 ஆகிவிடும். v/v என்று எழுதியிருப்பதை w/w என்று படிப்பதால் கெட்டுப்போன கலவைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை:
119 கிராம் ஊற்றினேன். ஆறிய பின் 20 டிகிரியில் மீட்டர் 70. 31 டிகிரியில் 73½. மொத்தம் 5 லிட்டர் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. மிக்க நன்றி, ஐயா.

இன்னொன்று. இதிலிருந்து ஒரு லிட்டரைக் கைக்கும் வைக்கலாம் என்று 14½ மி.லி. கிளிசரின் சேர்த்தேன். 20 டிகிரியிலேயே மீட்டர் 67 காட்டுகிறது. இது மறுபடியும் சுருக்கமா?

ஆலைக்காரர்:
இல்லை. கிளிசரினும் இடம் பிடிக்கிறது, அதனால் உண்மையிலேயே 69-க்கு வந்துவிட்டது. மீதி 2 புள்ளி மீட்டரின் ஏமாற்று. கிளிசரின் கனமானது, மீட்டரைத் தூக்கிவிடுகிறது. கிளிசரின் போடும் முன்னேதான் மீட்டர் பார்க்க வேண்டும்.

கைக்கு என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் இலக்கு 80%. 10 லிட்டருக்கு 96% எத்தனால் 8333 மி.லி., 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417, கிளிசரின் 145, பிறகு கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரால் 10 லிட்டர் கோடு வரை நிரப்பச் சொல்வார்கள். தண்ணீர் எத்தனை மி.லி. என்று அதில் இருக்கவே இருக்காது. கலந்ததை 72 மணி நேரம் மூடி வைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், பாட்டிலில் ஒட்டியிருக்கும் வித்துகளைப் பெராக்சைடு அதற்குள் அழித்துவிடும். அடுப்போ ஊதுபத்தியோ இல்லாத அறையில் கலங்கள்.

பழுதுக்கடை:
ஐசோபுரோபைலுக்கும் இந்த 504 கிராம் கணக்கே சரிப்படுமா, ஐயா?

ஆலைக்காரர்:
சரிப்படாது தம்பி. அதுவும் சுருங்கும், ஆனால் அதன் அடர்த்தி அட்டவணை வேறு, நான் ஓட்டிய சரக்கும் அது அல்ல. அட்டவணை வைத்திருப்பவர் யாராவது சொல்லட்டும். அதுவரை கோடு வரைக்கும் நிரப்பும் வழியிலேயே போங்கள்.