புதுப்பிப்பு: படத்தில் இருந்தது திங்க்பேட் எக்ஸ்230

என் கேள்வி: "விற்பனைப் படத்தில் உள்ள இந்தப் பழைய திங்க்பேட் எந்த மாடல்?"

உதவிய அனைவருக்கும் நன்றி. விற்பவர் அனுப்பிய அடிப்பக்க லேபிளின் படத்தில் எக்ஸ்230 என்றே இருக்கிறது. விடையைத் தந்தது, இடப்பக்கப் போர்ட்டுகளைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனைதான்: எக்ஸ்220இல் முழு அளவு டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும், இதில் இருப்பதோ மினி டிஸ்ப்ளேபோர்ட். ஏழு வரிசை விசைப்பலகையையும் உயரமான டெலீட் விசையையும் கண்டு எக்ஸ்220 என்றவர் சொன்னதும் பாதி சரியே. எதிர்பாராத வகையில், அந்த மாடலின் விசைப்பலகையை யாரோ இதில் பொருத்தியிருக்கிறார்கள். இரு ஓரங்களிலும் கீல்கள் தெரிந்ததால், நடுவே ஒற்றைச் சுழல்கீல் கொண்ட டேப்லெட் வகையும் விலகிவிட்டது. இப்படி விசைப்பலகையை மாற்றும்போது ஃபர்ம்வேரையும் திருத்தாவிட்டால் சில விசைகள் சரியாக இயங்கா. அது செய்யப்பட்டிருக்கிறதா என்பதை நேரில் தட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.