[சொல்லாக்கம்] வியட்நாமியத்தின் 'கோன்', 'டா', 'ஸெ': தமிழில் என்ன பெயர் வைப்பது?

மணிமேகலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ் வழியாக வியட்நாமியம் கற்க ஒரு சிறு நூல் எழுதி வருகிறேன். இரண்டு கலைச்சொற்களில் மாட்டிக்கொண்டேன். வியட்நாமியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், தொனிக் குறிகள் இல்லாமல்.

முதலாவது 'கோன்', 'காய்' போன்ற சொற்கள். 'மெயோ' என்றால் பூனை, 'ஹாய்' என்றால் இரண்டு. ஆனால் இரண்டு பூனை என்று சொல்ல 'ஹாய் மெயோ' போதாது, 'ஹாய் கோன் மெயோ' என்று நடுவில் ஒன்று வேண்டும். மேசைக்கு 'கோன்' வராது, 'காய்' வரும்.

இரண்டாவது 'டா', 'டாங்', 'ஸெ'. வினைச்சொல்லுக்கு ஈறே இல்லாத மொழி அது. 'டி' என்றால் போ. நான் போனாலும் அவள் போனாலும், நேற்றானாலும் நாளையானாலும் 'டி'தான். 'டா டி' என்றால் போனேன், 'டாங் டி' போய்க்கொண்டிருக்கிறேன், 'ஸெ டி' போவேன்.

முதல் வகைக்கு 'வகைச்சொல்' என்றும் இரண்டாவதற்குக் 'காலங்காட்டி' என்றும் வரைவில் வைத்திருக்கிறேன். சரியா?

---

செல்வி (ஈப்போ) எழுதியது:

மேகலை, இது எங்களுக்குப் பழகிய சங்கதி. மலாயில் 'தீகா எக்கோர் குச்சிங்' என்றால் மூன்று பூனை. 'எக்கோர்' என்றால் வால். மனிதருக்கு 'ஓராங்', பெரிய பொருளுக்கு 'புவா'. பள்ளியில் இதைப் 'பென்ஜோடோ பிலாஙான்' என்று படித்தோம், எண்ணுக்குச் சேர்க்கும் இணை என்று பொருள். அப்படியே 'எண்ணிணைச்சொல்' என்று வைத்துவிடலாமே? மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

---

பிரபு (ஹோ சி மின் நகரம்) எழுதியது:

நான் இங்கே ஒரு காலணித் தொழிற்சாலையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். இலக்கணம் தெரியாது, பேசத் தெரியும். 'டா' இறந்தகாலம் என்று முதல் மாதம் எனக்கும் சொல்லித் தந்தார்கள். அதை நம்பி எல்லா வாக்கியத்திலும் 'டா' போட்டேன். "நேற்று நான் ஹனோய் போனேன்" என்பதற்கு அவர்கள் சாதாரணமாக 'ஹோம் குவா தோய் டி ஹனோய்' என்றுதான் சொல்கிறார்கள். நேற்று, நான், போ, ஹனோய். அவ்வளவுதான். 'டா' சேர்த்தால் தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் சேர்த்தால் ஏதோ சாட்சி சொல்வது போல இருக்கிறது என்று என் மேற்பார்வையாளர் அக்கா சொன்னார்.

இன்னொன்று. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். 'இல்லை' என்பதற்குக் 'கோங்' என்று படித்திருந்தேன், அதையே சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் முகம் மாறிவிட்டது. 'சுவா' என்று சொல்லியிருக்க வேண்டுமாம். 'கோங்' என்றால் இல்லவே இல்லை, 'சுவா' என்றால் இன்னும் இல்லை. உங்கள் நூலில் இதைக் கட்டாயம் போடுங்கள்.

---

இராசமாணிக்கம் எழுதியது:

பிரபு தம்பி சொன்ன 'சுவா'தான் இந்த விவாதத்தின் சாவி. 'டா', 'ஸெ' பற்றி அப்புறம் எழுதுகிறேன், முதலில் செல்வியின் சொல்.

'எண்ணிணைச்சொல்' மலாய்க்குச் சரி. "அந்தப் பூனை" என்பதற்கு மலாயில் 'குச்சிங் இத்து' போதும், வால் வராது. எண் வந்தால்தான் வால் வரும். வியட்நாமியத்திலோ "அந்தப் பூனை" என்றாலும் 'கோன் மெயோ டோ'தான். எண் இல்லாத இடத்திலும் 'கோன்' நிற்கிறது. எண்ணுக்கு இணை என்று பெயர் வைத்தால் பாதிப் பயன்பாடு வெளியே போய்விடும்.

'வகைச்சொல்' வியட்நாமியப் பள்ளிப் பெயரின் நேர் பெயர்ப்பு. அங்கே 'லோவாய் து' என்கிறார்கள், 'லோவாய்' என்றால் வகை. ஆனால் வகை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'கோன்' விலங்குக்கு என்று சொல்லித் தருகிறோம். கத்தி, ஆறு, பாதை, கண், படகு, தபால்தலை எல்லாவற்றுக்கும் 'கோன்' வருகிறது. அசையும் பொருளுக்கு என்று ஒரு விளக்கம் உண்டு, தபால்தலை அதற்கு அடங்காது. நாட்டுப்பாடல்களில் கொக்குக்குக் 'காய்' வருகிறது. மனிதர்களில் சொல்பவரின் மனமே தெரியும். மதிப்புக்குரிய விருந்தினருக்கு 'வி', பொதுவாக 'ஙுவாய்', சிறுவனுக்கும் திருடனுக்கும் 'தாங்'. ஒரே ஆள், மூன்று சொல்.

ஆக வகைப்படுத்துவது இதன் உபதொழில். முதல் தொழில் வேறு. 'தோய் திக் மெயோ' என்றால் எனக்குப் பூனை பிடிக்கும், பூனை என்ற இனமே பிடிக்கும். 'தோய் திக் கோன் மெயோ டோ' என்றால் அந்த ஒரு பூனை பிடிக்கும். 'மெயோ' தனியாக நின்றால் தண்ணீர், அரிசி போல எண்ண முடியாத பரப்பு. 'கோன்' வந்து அதிலிருந்து ஒன்றை வெட்டி எடுத்துத் தருகிறது. காவ் சுவான் ஹாவ் என்ற வியட்நாமிய மொழியியலாளர் இதை வலியுறுத்தினார். 'கோன்', 'காய்' எல்லாம் அலகுப் பெயர்கள், லிட்டரும் கிலோவும் நிற்கும் அதே இடத்தில் நிற்பவை என்பது அவர் கட்சி. அவர் வழியில் போனால் 'அலகுச்சொல்'.

---

ஜெபா (நாகர்கோவில்) எழுதியது:

ஐயா, 'அலகு' என்றால் எனக்கு மின்சாரக் கட்டணம்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர்க் கடையில் வாழைப்பழம் வாங்கும்போது "ரெண்டு எண்ணம் தாங்க" என்போம். பழம் என்றே சொல்ல வேண்டாம். அதுவும் இதுவும் ஒன்றா?

---

இராசமாணிக்கம் எழுதியது:

கிட்டத்தட்ட. எத்தனை பூனை என்று கேட்டால் 'ஹாய் கோன்' என்று பதில் சொல்லி 'மெயோ'வை விட்டுவிடலாம், உங்கள் 'ரெண்டு எண்ணம்' மாதிரியே. வேறுபாடு, 'எண்ணம்' எல்லாப் பொருளுக்கும் ஒன்றுதான், அதை விட்டுவிட்டும் பேசலாம்.

---

மணிமேகலை எழுதியது:

ஜெபாவின் கடையைப் படித்ததும் எனக்குச் சலவைக்கடை நினைவுக்கு வந்தது. துணி மூட்டையைக் கொடுத்தால் "எத்தனை உருப்படி?" என்று கேட்பார்கள். 'துணி' எண்ண முடியாத குவியல், 'உருப்படி' வந்ததும் எண்ணக்கூடிய ஒன்றாகிவிடுகிறது. ஐயா சொன்ன வெட்டி எடுக்கிற வேலை இதுதானே? 'உருப்படிச்சொல்' என்று வைத்தால் என்ன? 'உரு' என்ற பகுதியில் வடிவம், தோற்றம் பற்றிய குறிப்பும் இருக்கிறது, கத்திக்கும் மேசைக்கும் வேறு வேறு சொல் வருவதற்கும் இடம் கொடுக்கிறது.

---

செல்வி எழுதியது:

மனிதரை உருப்படி என்பதா? "வீட்டில் எத்தனை உருப்படி" என்று கேட்டால் என் அம்மா அடிக்க வருவார்.

---

இராசமாணிக்கம் எழுதியது:

செல்வியின் தயக்கம் நியாயம். ஆனால் இது இலக்கணப் பெயர், விளிப்பெயர் அல்ல. 'அஃறிணை' என்ற சொல்லில் தாழ்வுக் குறிப்பு இருந்தும் குழந்தைக்கு அதைப் பயன்படுத்துகிறோம். எனக்கு 'உருப்படிச்சொல்' பிடித்திருக்கிறது. 'அலகு' அளவுகளுக்கும் சேர்த்துப் பொதுப்பெயராக இருக்கட்டும், அதன் உள்ளே 'உருப்படிச்சொல்' நிற்கட்டும். நாள், மாகாணம் போன்றவை தாமே அலகாக இருப்பதால் உருப்படிச்சொல் இல்லாமல் எண்ணோடு நேராக வருகின்றன என்று சொல்லவும் அது வசதி.

இனி 'டா'. இதைச் சோதிக்க ஒரு வாக்கியம் போதும்: 'மாய் ஆன் டென் தி தோய் டா டி ரோய்'. நாளை, நீங்கள், வர, என்றால், நான், டா, போ, ரோய். "நாளை நீங்கள் வரும்போது நான் போயிருப்பேன்." நாளை நடக்கப்போவதில் 'டா' எப்படி வந்தது? இறந்தகாலம் என்றால் வர முடியாது. குறிப்பிட்ட ஒரு கட்டத்துக்குள் காரியம் ஆகிவிட்டது என்பதே 'டா' சொல்வது. அந்தக் கட்டம் நேற்றாகவும் இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். 'டா'வை இறந்தகாலத்தோடு ஒட்ட வைத்ததில் இலத்தீன் இலக்கணச் சட்டகத்துக்குப் பங்குண்டு. யேசுசபைப் பாதிரியார் அலெக்சாந்திரே டி ரோட் 1651இல் ரோமில் அச்சிட்ட அகராதியோடு இலக்கணச் சுருக்கமும் வந்தது, ஐரோப்பியக் கண்ணால் அந்த மொழியைப் பார்த்த தொடக்ககால நூல்களில் அது ஒன்று.

'சுவா' இதன் மறுபக்கம். "சாப்பிட்டாகிவிட்டதா?" என்பது 'ஆன் அன் கோம் சுவா?' பதில் 'ரோய்' என்றால் ஆயிற்று, 'சுவா' என்றால் இன்னும் ஆகவில்லை. நேற்றா இன்றா என்ற கேள்வியே இல்லை. ஆயிற்றா, ஆகவில்லையா என்பதுதான்.

---

பிரபு எழுதியது:

ஐயா, இப்போதுதான் ஒன்று புரிகிறது. இங்கே விருந்தில் 'அன் சோ டா' என்பார்கள், வயிறு நிறைய, ஆசை தீரச் சாப்பிடு என்று. அந்த 'டா'வும் இதுவும் ஒன்றா?

---

இராசமாணிக்கம் எழுதியது:

அதே எழுத்து, அதே தொனி. நிறைந்து தீர்தல் என்ற பொருள் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைப் பார்த்தால் தொடர்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பெயருக்கு வருவோம். 'காலங்காட்டி' வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம், காலத்தைக் காட்டும் வேலையை 'நேற்று', 'நாளை' பார்த்துக்கொள்கின்றன. நன்னூல் வழியில் 'இடைநிலை' என்றும் சொல்ல முடியாது. நம் 'போனான்' என்பதில் காலம் சொல்லுக்கு உள்ளே இருக்கிறது, 'டா' தனிச்சொல்.

---

மணிமேகலை எழுதியது:

வினைக்கு முன்னால் வருவதால் 'முன்வினைச்சொல்' என்று யோசித்தேன்.

---

ஜெபா எழுதியது:

அக்கா, முன்வினை என்றால் போன பிறவியில் செய்தது! மாணவர்கள் வேறு எங்கோ போய்விடுவார்கள்.

---

பிரபு எழுதியது:

அதோடு, 'ரோய்' வினைக்குப் பின்னால்தானே வருகிறது. இங்கே பள்ளியில் 'டா', 'ஸெ' இரண்டையும் 'ஃபோ து' என்கிறார்களாம். எங்கள் அலுவலகத்தில் 'ஃபோ' என்றால் துணை, துணை இயக்குநர் என்பதில் வரும் துணை. அப்படியானால் 'துணைச்சொல்'?

---

இராசமாணிக்கம் எழுதியது:

தமிழில் 'துணைவினை' இருக்கிறது, 'போய்விடு' என்பதில் 'விடு' மாதிரி. 'ஸெ' வினையே அல்ல, ஆகவே 'துணைச்சொல்' என்றால் குழப்பம் வரும். 'வினைநிலைச்சொல்' என்று முன்மொழிகிறேன். வினை எந்த நிலையில் இருக்கிறது, ஆகிவிட்டதா, ஆகிக்கொண்டிருக்கிறதா, இனிமேல்தானா. இடையியலில் தொல்காப்பியம் வினையோடு காலம் காட்டி வருவதை இடைச்சொல் என்றே எண்ணுகிறது, ஆகவே 'வினைநிலை இடைச்சொல்' என்று முழுப்பெயராகவும் வைக்கலாம்.

---

செல்வி எழுதியது:

'ஸெ' எதிர்காலம்தானே ஐயா? மலாயில் 'ஆக்கான்' மாதிரி. அதையும் ஏன் நிலை என்கிறீர்கள்?

---

இராசமாணிக்கம் எழுதியது:

"வருவதாக நேற்றுச் சொன்னார்" என்பதிலும் 'ஸெ' வரும். வந்துவிட்டுப் போயும் இருக்கலாம். சொன்ன நேரத்திலிருந்து பார்த்தால்தான் அது எதிர்காலம். ஆனால் 'டா' அளவுக்கு இது தெளிவான வழக்கு இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். நாளை கிளம்புகிறேன் என்பதற்கு 'மாய் தோய் டி' போதும், 'ஸெ' சேர்த்தால் உறுதி கூடுகிறது, வாக்குக் கொடுப்பது போல. அது நிலையா, காலமா, சொல்பவரின் மனமா என்று எனக்கே முழுத் திருப்தி இல்லை.

---

மணிமேகலை எழுதியது:

சரி. 'உருப்படிச்சொல்' மூன்றாம் பாடத்தில் ஏறிவிட்டது. செல்விக்காக மனிதர்களுக்கு வரும் 'வி', 'ஙுவாய்', 'தாங்' மூன்றையும் தனிப் பக்கத்தில் தருகிறேன். 'டா', 'டாங்', 'ரோய்', 'சுவா' நான்கும் 'வினைநிலைச்சொல்' என்ற தலைப்பின் கீழ். 'சுவா'வுக்குப் பிரபுவின் கல்யாணக் கேள்வியையே எடுத்துக்காட்டாகப் போடுகிறேன், அனுமதி உண்டுதானே பிரபு?

'ஸெ'யை எந்தத் தலைப்பிலும் சேர்க்கவில்லை. பிரபு, ஒரு உதவி. உங்கள் மேற்பார்வையாளர் அக்காவிடம் 'மாய் தோய் டி', 'மாய் தோய் ஸெ டி' இரண்டையும் சொல்லி, எதைக் கேட்டால் நாளை நீங்கள் வேலைக்கு வர மாட்டீர்கள் என்று நிச்சயமாக எடுத்துக்கொள்வார் என்று கேட்டு எழுதுங்கள்.