25 வயதில் எடுத்த டேர்ம் பாலிசியும் 45 வயதில் எடுத்ததும்: அனுபவப் பகிர்வு

கீழைக்காற்று

எனக்கு வயது 25, என் அக்காவின் கணவருக்கு 45. இருவரும் ஒரே மாதத்தில் டேர்ம் இன்சூரன்ஸுக்கு விசாரித்தோம். காப்பீட்டுத் தொகை ஒன்றே, இருவருக்கும் 60 வயது வரை, இருவருக்கும் புகைப்பழக்கம் இல்லை. ஆனாலும் அத்தானுக்குச் சொல்லப்பட்ட ஆண்டு பிரீமியம் என்னுடையதைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. விலை குறைவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று முகவர் வற்புறுத்துகிறார். என்னை நம்பி இப்போது யாரும் இல்லை. பெற்றோர் இருவரும் சம்பாதிக்கிறார்கள். அப்பா உத்தரவாதக் கையெழுத்துப் போட்ட கல்விக் கடன் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. இருபதுகளில் எடுத்தவர்களும் நாற்பதுகளில் எடுத்தவர்களும் பின்னால் என்ன ஆயிற்று என்பதைச் சொன்னால், எங்கள் இருவருக்குமே உதவியாக இருக்கும்.

வட்டிக்கணக்கு

நான் 27 வயதில் எடுத்தேன், இப்போது 39. அன்று உறுதி செய்த பிரீமியம் இன்றும் ஒரு காசு கூடவில்லை, என் சம்பளமோ பல மடங்கு உயர்ந்துவிட்டது. இருபது ஆண்டுப் பாலிசியை 25 வயதில் எடுப்பவருக்கும் 45 வயதில் எடுப்பவருக்கும் விலையைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் ஐந்து மடங்கைத் தாண்டும். ஆகவே இளமையில் எடுப்பவர் ஆண்டுதோறும் குறைவாகக் கட்டுகிறார், மொத்தக் கணக்கிலும் மிச்சப்படுத்துகிறார். தள்ளிப்போடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பழைய கோப்பு

விண்ணப்பங்களை ஆராய்ந்து பிரீமியத்தை முடிவு செய்யும் அண்டர்ரைட்டிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வட்டிக்கணக்கு சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த மனிதர்களின் இறப்பு வாய்ப்பு வயதோடு ஒரே சீராக ஏறுவதில்லை, மடங்கு மடங்காக ஏறுகிறது. பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1825ஆம் ஆண்டிலேயே இதை எழுதி வைத்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டு வயது வித்தியாசத்துக்கு ஐந்தரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வட்டிக்கணக்கு சொன்ன ஐந்து மடங்கு அங்கிருந்து வருவதுதான். ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒருவர் 45 வயதில் வெளியேறுகிறார், மற்றவர் 65 வயது வரை காப்பில் இருக்கிறார். கீழைக்காற்று கேட்டிருப்பது இருவருக்கும் 60 வயதில் முடியும் பாலிசி, அதுதான் சரியான ஒப்பீடு.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 30 வயதில் ஆயிரம் பேருக்கு ஒருவர் ஓர் ஆண்டில் இறப்பதாகவும், வட்டி 5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம், நிறுவனத்தின் செலவையும் லாபத்தையும் விட்டுவிடுவோம். காப்பீட்டுத் தொகை ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 25 வயதுக்காரர் ஆண்டுக்குச் சுமார் 2.5 கட்ட வேண்டும், 45 வயதுக்காரர் சுமார் 6.3 கட்ட வேண்டும். இதுவே உங்கள் அத்தானின் இரண்டரை மடங்கு. இப்போது மொத்தத்தைக் கூட்டுங்கள்: முன்னவர் 35 ஆண்டுகளில் 87.5, பின்னவர் 15 ஆண்டுகளில் 94.5. ஏறக்குறைய சமமாகவே வருகிறது, அதிலும் முன்னவருடைய பணம் பல ஆண்டுகள் முன்னதாகவே கைவிட்டுப் போகிறது. ஆகவே சீக்கிரம் எடுப்பதால் பணம் மிச்சமாகிறது என்று சொல்வது பொருந்தாது. 25 முதல் 45 வரையிலான இருபது ஆண்டுக் காப்பு அவருக்குக் கிடைத்திருக்கிறது என்பதே உண்மையான வித்தியாசம். அந்தக் காப்பு தேவைப்பட்டதா என்பதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 25 வயதில் உண்மையான ஆபத்துக்கான விலை ஆயிரத்துக்கு 0.65தான், ஆனால் கட்டுவது 2.5. மீதி முழுவதும் பிற்கால ஆண்டுகளுக்கான முன்பணம். அந்தந்த ஆண்டின் ஆபத்து நீங்கள் கட்டும் பிரீமியத்தைத் தாண்டுவது சுமார் 41 வயதில். அதற்கு முன்பு பாலிசியைக் கைவிட்டால் அந்த முன்பணம் போய்விடும், ஏனெனில் சாதாரண டேர்ம் பாலிசிக்குச் சரண்டர் தொகை கிடையாது. 25 வயதில் எடுத்து 33 வயதில் கட்டாமல் விடுபவர் எடுக்காமலேயே இருந்திருக்கலாம். என் மேசைக்கு வந்த கோப்புகளில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தவை இப்படிப்பட்டவைதான்.

இருபிள்ளைத்தந்தை

நான் 44 வயதில்தான் எடுத்தேன். சிறு வயதில் எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, அதனால் எடுக்கவும் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. விலையைவிட மருத்துவப் பரிசோதனைதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு 6.8 என்று வந்தது. எனக்கு நீரிழிவு இருப்பதே அன்றுதான் தெரிந்தது. விண்ணப்பத்தை நிராகரிக்கவில்லை, ஆனால் வழக்கமான பிரீமியத்தின் மேல் பாதியளவு கூட்டினார்கள். வலைத்தளத்தில் முதலில் காட்டிய விலை பூரண ஆரோக்கியமானவருக்கு உரியது என்பதைக் கீழைக்காற்றின் அத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அவருக்கு இறுதியாக வரும் விலை வேறாக இருக்கலாம்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதில் நான் அதிக நேரம் செலவிட்டேன். நான் இல்லாத வீட்டின் ஓர் ஆண்டுச் செலவை ஒன்று என்று வைத்தேன். இளைய மகள் சொந்தக் காலில் நிற்க இன்னும் 12 ஆண்டுகள், அதற்கு 12. அதன்பின் மனைவிக்குப் பாதிச் செலவு வீதம் 20 ஆண்டுகள், அதற்கு 10. வீட்டுக் கடன் பாக்கி 4. ஆக 26. சேமிப்பு 9 இருந்தது, கழித்தால் 17. பணத்தின் வருமானமும் விலைவாசி உயர்வும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று எடுத்துக்கொண்டேன். வேலை செய்யும் இடத்தில் தரும் குழுக் காப்பீட்டை இதில் சேர்க்கவில்லை, வேலை போனால் அதுவும் போய்விடும்.

இந்த 17 எப்போதும் 17ஆகவே இருக்காது என்பது கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. மகள் படித்து முடித்து, கடனும் தீர்ந்தபின் மனைவிக்கான 10 மட்டுமே மிஞ்சும். அதனால் 10 அளவுக்கு இருபது ஆண்டுப் பாலிசி ஒன்றும், 7 அளவுக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பாலிசி ஒன்றும் எடுத்தேன். முழுத் தொகைக்கும் இருபது ஆண்டு எடுத்திருந்தால், விலை அதிகமாகும் கடைசி எட்டு ஆண்டுகளுக்குத் தேவையற்ற காப்புக்கும் சேர்த்துக் கட்டியிருப்பேன்.

நெடுவழி

வயதைப் பற்றிய கேள்வி என்பதால் சொல்கிறேன். நான் 41 வயதில் 85 வயது வரைக்குமான பாலிசி எடுத்திருக்கிறேன். 60 வயதில் முடித்துக்கொண்டால் கட்டிய பணம் முழுவதும் வீண்தானே? 85 வரை என்றால் குடும்பத்துக்கு ஏதாவது வந்து சேர வாய்ப்பு அதிகம். எல்லாரும் அப்படியே எடுக்கலாம்.

பழைய கோப்பு

நெடுவழி ஐயா, இங்கே கேட்கப்பட்டது எந்த வயதில் தொடங்குவது என்பது, நீங்கள் சொல்வது எந்த வயதில் முடிப்பது என்பது. ஆனாலும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதாலேயே அதற்கான விலையும் அதே அளவுக்கு உங்களிடம் வாங்கப்படுகிறது. 65 முதல் 85 வரையிலான ஆபத்துக்கான பணத்தை நீங்கள் 41 வயதிலிருந்தே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வருமானத்தை நம்பி அப்போதும் யாராவது இருப்பார்கள் என்றால் அது நியாயம். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை உடைய பெற்றோர் சிலர் அப்படி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அது மிகப் பொருத்தமாக இருந்தது.

தென்திசை

நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு என் அண்ணனின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அவர் 28 வயதில் ஒரு பாலிசி எடுத்திருந்தார். 43 வயதில் ஆலோசகர் ஒருவர், பழைய தொகை இந்தக் காலத்துக்குப் போதாது, அதை விட்டுவிட்டுப் பெரிதாக ஒன்று எடுங்கள் என்றார். தொகை போதாது என்பது உண்மைதான். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், பதினைந்து ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அண்ணன் பழைய பாலிசிக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினார், கருணைக் காலமும் கடந்து அது காலாவதியானது. புதிய விண்ணப்பத்துக்கான பரிசோதனையில் இதயத்தில் ஒரு குறை தெரிந்ததால் முடிவை ஓராண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். பழையதைப் புதுப்பிக்கக் கேட்டபோது அங்கும் உடல்நலச் சான்று கேட்டார்கள். வீட்டில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்க, அந்த ஓராண்டு முழுவதும் அவருக்குக் காப்பு எதுவும் இல்லை. அண்ணி அந்த நாட்களில் பட்ட கவலையை நான் அருகிலிருந்து பார்த்தேன். பழைய கோப்பு அம்மா சொன்ன 41 வயதுக் கணக்கைப் படித்தபோதுதான், லாபம் தரத் தொடங்கும் நேரத்தில் அவர் அதைக் கைவிட நேர்ந்தது புரிகிறது. புதிய பாலிசி கைக்கு வந்து, அதன் விதிமுறைகளைப் படித்து முடிக்கும் வரை பழையதைத் தொடக்கூடாது. பழையதை வைத்துக்கொண்டே பற்றாக்குறைக்கு மட்டும் இன்னொன்று எடுத்திருக்கலாம்.

வட்டிக்கணக்கு

மொத்தக் கணக்கு சமமாக வரும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், நான் வட்டியைச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆனால் இருபிள்ளைத்தந்தையின் அனுபவமே என் பக்கம் பேசுகிறது. 25 வயதில் எடுத்திருந்தால் அவருக்கு அந்தப் பாதியளவு கூடுதல் வந்திருக்காது. எடுக்கத் தகுதி இருக்கும்போதே எடுத்து வைப்பதற்கு ஒரு மதிப்பு இல்லையா?

பழைய கோப்பு

இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதன் மதிப்பு ஆளுக்கு ஆள் மாறும். பெற்றோருக்கு இளவயதிலேயே மாரடைப்போ நீரிழிவோ வந்திருந்தால் அதிகம், மற்றவர்களுக்குக் குறைவு. அதோடு 25 வயதில் வாங்கும் தொகை 45 வயதின் தேவையில் ஒரு பகுதியைத்தான் நிரப்பும். மீதிக்கு அன்றைய உடல்நிலையோடுதான் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். திருமணம், குழந்தைப் பிறப்பு, வீட்டுக் கடன் போன்ற நேரங்களில் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் தொகையைக் கூட்டிக்கொள்ளும் உரிமை சில பாலிசிகளில் உண்டு. இளையவர்கள் விலையைவிட அதை முதலில் விசாரிக்க வேண்டும். பெரும்பாலும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு கெடுவும் உச்சவரம்பும் இருக்கும், கெடு கடந்தால் உரிமை போய்விடும்.

இளவேனில்

எனக்கு 29 வயதில் சிறுநீரகக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பின் மூன்று நிறுவனங்கள் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. எனக்கு இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை, ஆகவே யாருக்கு அந்த மதிப்பு அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை.

கீழைக்காற்று

அனைவருக்கும் நன்றி. அத்தான் இரண்டு பாலிசிகளாகப் பிரித்துக் கேட்கப் போகிறார், பழைய சிறிய பாலிசி ஒன்று அவரிடம் இருப்பது இப்போதுதான் தெரிந்தது, அதை விடப் போவதில்லை. நான் கல்விக் கடனை அடைக்கும் அளவுக்குக் கொஞ்சம் மேலே, தொகையைக் கூட்டிக்கொள்ளும் உரிமையுள்ள பாலிசியாகத் தேடுகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் விடாமல் கட்டக்கூடிய பிரீமியமாகவும் அது இருக்க வேண்டும். நான் இறந்தால் அந்தக் கடன் தள்ளுபடியாகுமா அல்லது அப்பாவின் தலையில் விழுமா என்பதைக் கடன் பத்திரத்தில் பார்த்துவிட்டு வருகிறேன். தள்ளுபடியாகும் என்றால், இப்போதே எடுக்க எனக்கு இளவேனில் சொன்ன காரணம் ஒன்றுதான் மிச்சம்.