‘காணி விடுவிப்பு’க்கு வேறு சொல் வேண்டும்: கண்ணிவெடிக் கையேடு, சொற்பட்டியல் வரிசை 31 முதல் 34 வரை

கிளிநொச்சியிலிருந்து, சொற்பட்டியலைப் பார்த்துக்கொள்பவர்

வணக்கம்.

கையேட்டின் 4, 7, 11 ஆம் அதிகாரங்களை நேற்றுத்தான் ஒன்றாக வைத்து வாசித்தேன். மூன்று பேர் மொழிபெயர்த்தவை. ‘கிளியர்’ பண்ணிய நிலம் ஓரிடத்தில் ‘துப்புரவாக்கிய காணி’, அடுத்ததில் ‘விடுவிக்கப்பட்ட நிலம்’, மூன்றாவதில் ‘சுத்திகரித்த பகுதி’. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பிழையில்லை. ஆனால் 7 ஆம் அதிகாரத்தில் ‘விடுவிக்கப்பட்ட’ என்பது, நிலத்தைச் சந்தேகத்திலிருந்து வெளியே எடுக்கும் ‘லாண்ட் றிலீஸ்’ என்ற முழு வேலைக்கும் தலைப்பாகவும் நிற்கிறது. அங்கேதான் சிக்கல்.

11 ஆம் அதிகாரப் பயிற்சிக் கணக்கைப் பாருங்கள். சந்தேகப் பகுதி 12,400 சதுர மீற்றர். ஊர்ச் சனத்திடம் கேட்டும் பழைய பதிவுகளைப் பார்த்தும் 7,000 கழிகிறது, அது ‘கான்சல்’. உள்ளே இறங்கிச் சோதித்து, ஆபத்துக்கான தடயம் இல்லையென்று 3,900 கழிகிறது, அது ‘றிடியூஸ்’. மிச்சம் 1,500 ஐத்தான் குறித்த ஆழம்வரை தேடி வெடிபொருளை எடுக்கிறார்கள், அது ‘கிளியர்’. தமிழ்ப் பக்கத்தை வைத்துப் படித்த ஒரு பயிலுனர் ‘விடுவிக்கப்பட்ட நிலம்’ என்ற கட்டத்தில் 12,400 ஐ எழுதி, அதையே துப்புரவுக் கட்டத்திலும் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. குறித்த ஆழம்வரை தேடாத 10,900 சதுர மீற்றர் தேடியதாகிவிட்டது.

அதனால் பட்டியலைச் சொல்லுக்கொரு வரிசையாக இல்லாமல் பொருளுக்கொரு வரிசையாக மாற்றியிருக்கிறேன். முழு வேலை 31, ‘கான்சல்’ 32, ‘றிடியூஸ்’ 33, ‘கிளியர்’ 34. ஒவ்வொன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல், ஒரு மாதிரி வசனம், பக்கத்தில் ‘பாவிக்கக் கூடாதவை’ என்று ஒரு கட்டம். சொற்கள்தான் இன்னும் இல்லை.

வவுனியாவிலிருந்து, தமிழாசிரியர்

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? விடுவித்தல், ரத்துச் செய்தல், குறைத்தல், துப்புரவாக்கல். நல்ல தமிழ், எல்லாருக்கும் விளங்கும். சர்வதேசத் தரநிலை ஐமாஸ் 07.11 இல் இருக்கும் வரைவிலக்கணத்தை ஒவ்வொரு அதிகாரத் தொடக்கத்திலும் போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

மாங்குளத்திலிருந்து, பயிற்றுனர்

ஐயா, வரைவிலக்கணம் போடச் சொன்னது சரி. சொற்கள்தான் வன்னியில் வேலைக்கு ஆகாது. நான் பதினொரு வருசம் களத்தில் நின்றவன், கண்டதைச் சொல்கிறேன்.

‘காணி விடுவிப்பு’ என்றால் இங்கே சனத்துக்கு ஒரே அர்த்தம்தான்: படையினர் வைத்திருக்கும் காணியைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுப்பது. 2017 இல் கேப்பாப்புலவில் சனம் றோட்டோரம் இருந்து கேட்டது அதைத்தான். நாங்கள் போய் ‘உங்கள் காணியை விடுவிச்சாச்சு’ என்றால், முகாம் எப்போது எழும்பும் என்று கேட்பார்கள்.

‘ரத்து’ இன்னும் மோசம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமக் கூட்டத்தில் எங்கள் பிள்ளை ஒருத்தி வரைபடத்தைக் காட்டி, ‘பச்சை அடிச்சது முழுக்க ரத்துச் செய்யப்பட்ட காணி’ என்று வாசித்தாள். பின்னால் இருந்த அம்மா ஒருவர் அழத் தொடங்கிவிட்டார். அவருடையது பெர்மிற் காணி. பெர்மிற் ரத்து என்று நினைத்துவிட்டார். உண்மையில் அவருக்கு அது நல்ல செய்தி.

‘துப்புரவு’ என்றால் பற்றை வெட்டுவது. எங்கள் வேலையிலேயே அது தனிப் படி. பற்றை வெட்டினபிறகுதான் டிடெக்டரோ றேக்கோ உள்ளே போகும். ‘துப்புரவு முடிஞ்சுது’ என்று ஒருவர் வோக்கியில் சொன்னால் மற்றவர் எதை விளங்குவார்? ‘குறைத்த நிலம்’ என்றால் ஆபத்து கொஞ்சம் குறைந்திருக்கிறது, மிச்சம் கிடக்கிறது என்று கேட்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, கணினிக்காரர்

களத்தில் எல்லாரும் ‘கிளியர்’, ‘கான்சல்’ என்றுதானே கதைக்கிறார்கள்? அப்படியே தமிழெழுத்தில் போட்டுவிடுங்கள். புதுச்சொல் படைத்தால் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள்.

மாங்குளத்திலிருந்து

தம்பி சொல்வதில் பாதி உண்மை. எங்களுக்குள் அப்படித்தான் கதைக்கிறோம். ஆனால் 11 ஆம் அதிகாரம் ஊருக்குள் போய் விளக்குகிற பிள்ளைகளுக்கானது. அவர்கள் ‘கான்சல்’ என்று சொன்னாலும் அம்மாவுக்கு அதே ரத்துத்தான் கேட்கும்.

முடிவைச் சொல்லாமல், நிலம் எப்படிச் சந்தேகத்திலிருந்து வெளியே வந்தது என்பதைச் சொல்லிப் பார்ப்போமா? ‘விசாரித்து நீக்கிய நிலம்’, ‘சோதித்து நீக்கிய நிலம்’, ‘வெடி அகற்றிய நிலம்’. கடைசியில் ‘நீக்கிய’ வராமல் விட்டது வேண்டுமென்றுதான். வெடி எடுத்த இடம் ஒன்றே ஒன்று, அது காதிலேயே வேறாகக் கேட்கட்டும்.

கிளிநொச்சியிலிருந்து

அண்ணை, அமைப்பு பிடித்திருக்கிறது. ஆனால் ‘விசாரித்து’? வன்னியில் விசாரணை என்று சொல்லிப் பாருங்கள், யார் வாய் திறப்பார்கள். ‘கேட்டறிந்து நீக்கிய நிலம்’ என்று வைக்கலாமா?

இன்னொன்று, ‘காணி’யை இந்த வரிசைகளிலிருந்து எடுத்துவிடுகிறேன். காணி ஒரு ஆளுடையது, வேலி உண்டு. சந்தேகப் பகுதியின் கோடு வேலியைப் பார்த்துப் போவதில்லை. மூன்று பேரின் காணியை வெட்டிக்கொண்டு போகும். ஆகவே ‘நிலம்’.

மாங்குளத்திலிருந்து

கேட்டறிந்து, நல்லது. என் வாய்க்கு அது வரவில்லை, பழகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

சரி, நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பழைய சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று எப்படிப் பிடிப்பீர்கள்? தேடலில் ‘நிலம்’ என்று போட்டால் ‘நிலத்தை’, ‘நிலங்கள்’ அகப்படாது. ‘நிலமும்’ கூட அகப்படாது, அங்கே புள்ளி போய்விடுகிறது. சுருக்கி ‘நில’ என்று போட்டால் ‘நிலை’ முழுக்க வந்து கொட்டும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் ‘தேடும் வடிவம்’ என்று ஒரு கட்டம் வையுங்கள். விலக்கிய சொல்லுக்கும் வேண்டும், ‘துப்புரவு’, ‘துப்பரவு’ என்று இரண்டு மாதிரியும் எழுதுகிறார்கள்:

```
grep -nE 'நில(ம|த்|ங்)' *.txt
grep -nE 'துப்(பு|ப)ரவ' *.txt
```

இரண்டாவது, பற்றை வெட்டும் பக்கங்களையும் காட்டும். அங்கே அந்தச் சொல் சரியானது. கண்ணால் பார்த்துத்தான் விடவேண்டும், மொத்தமாக மாற்றிவிடாதீர்கள்.

முத்தையன்கட்டிலிருந்து

இந்தக் குழுவில் இருப்பவர்களிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் வளவு மூன்று வருசத்துக்கு முன் கையளித்தது. கடிதத்தில் ‘சுத்திகரிக்கப்பட்டது’ என்று இருக்கிறது. கிணறு வெட்டலாமா? நீங்கள் சொல்கிற 32 ஆ, 34 ஆ?

மாங்குளத்திலிருந்து

அக்கா, நாங்கள் கதைப்பது சொல்லைப் பற்றி, ஆனால் உங்கள் கேள்விதான் எங்களுக்கு வேண்டியது. அந்தச் சொல்லை வைத்து என்னால் சொல்ல முடியாது. கையளிப்புப் பத்திரத்தில் வரைபடமும் ஆழமும் இருக்கும், பாருங்கோ. வெடி அகற்றிய நிலம் என்றாலும் அது அந்த ஆழம்வரைக்கும்தான், கிணறு அதற்குக் கீழே போகும். வெட்ட முதல் உங்கள் பகுதிக் கண்ணிவெடி அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தைக் காட்டிக் கேளுங்கோ.

கிளிநொச்சியிலிருந்து

இதைப் பார்த்தபிறகு 34 இன் மாதிரி வசனத்தை மாற்றினேன்: ‘இது ___ சென்ரிமீற்றர் ஆழம்வரை வெடி அகற்றிய நிலம்.’ ஆழம் இல்லாமல் அந்தச் சொல் எங்கேயும் தனியே வரக்கூடாது என்று குறிப்பும் போட்டிருக்கிறேன். ‘சுத்திகரித்த’ விலக்கும் கட்டத்துக்குப் போய்விட்டது.

32, 33, 34 முடிந்தது. 31 இன்னும் வெறுமை. ‘நில மீட்பு’ என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன வரலாறு என்று நான் சொல்லத் தேவையில்லை.

வவுனியாவிலிருந்து

‘ஐயநீக்கம்’?

மாங்குளத்திலிருந்து

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் வெடி கிடந்த இடத்தில் ஐயம் எங்கே இருந்தது? அங்கே இருந்தது வெடி.

கிளிநொச்சியிலிருந்து

31 ஐ ‘முடிவாகவில்லை’ என்று குறித்துவிட்டேன். அதுவரை 7 ஆம் அதிகாரத் தலைப்பு ‘ஆபத்துப் பட்டியலிலிருந்து நிலத்தை எடுத்தல்’. நீளம்தான். சிங்களப் பக்கத்தைப் பார்ப்பவர் தலைப்பு இரண்டு வரிக்கு ஓடுகிறது என்று ஏற்கெனவே கோபமாக எழுதியிருக்கிறார்.